4 உள்ளீடு, 16 பிட்: எஃப்பிஜிஏவுக்குள் கேட் எங்கே?

கேள்வி: எஃப்பிஜிஏ சிப்புக்குள் அண்ட், ஆர் கேட்டெல்லாம் கிடையாது, குட்டிக் குட்டி மெமரிதான் இருக்கிறது என்கிறார்கள். வெறும் 16 பிட் மெமரி எப்படி எந்த லாஜிக்கையும் செய்யும்? அப்படியென்றால் கல்லூரியில் போட்ட கார்னா மேப் எல்லாம் எதற்கு?

பதில்:

நான்கு கம்பிகளில் வரக்கூடிய நிலைகள் மொத்தமே 16தான்: 0000-இல் தொடங்கி 1111 வரை. ஒவ்வொரு நிலைக்கும் விடை ஒரே ஒரு பிட். ஆக, நான்கு உள்ளீடு உள்ள லாஜிக் எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாமே 16 பிட்டுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த 16 விடைகளையும் மெமரியில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, நான்கு உள்ளீடுகளையும் அந்த மெமரியின் முகவரிக் கம்பிகளாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளை ஏழெட்டு எவ்வளவு என்றால் கூட்டிப் பார்ப்பதில்லை, விடையைச் சொல்லிவிடுகிறது. இதுவும் அப்படித்தான். இதற்கு லுக்-அப் டேபிள் என்று பெயர், பேச்சில் லட் என்பார்கள்.

16 பிட்டில் ஒவ்வொன்றும் 0 அல்லது 1 என்பதால், எழுதக்கூடிய அட்டவணைகள் 65,536. நான்கு உள்ளீட்டுச் சார்புகளும் சரியாக 65,536தான். எதுவும் விட்டுப்போவதில்லை. "எந்த லாஜிக்கையும்" என்று தைரியமாகச் சொல்வது இதனால்தான்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துப் போகிறேன். ஏழு துண்டு டிஸ்ப்ளே உங்களுக்குத் தெரிந்திருக்கும். 4 பிட் எண் ஒன்றைக் கொடுத்தால் 0 முதல் 9, அப்புறம் A, b, C, d, E, F என்று காட்ட வேண்டும். ஏழு துண்டுகளில் உச்சியில் படுக்கையாக இருக்கும் கோட்டை மட்டும் பார்ப்போம், அதன் பெயர் `seg_a`. எந்தெந்த எண்ணுக்கு அது எரியாது? 1-க்கு எரியாது, 4-க்கு எரியாது. சின்ன எழுத்தில் காட்டுவதால் b, d இரண்டுக்கும் எரியாது, அதாவது 11-க்கும் 13-க்கும். மீதி 12 எண்களுக்கும் எரியும்.

இப்போது 15-ஆம் பிட்டை இடது ஓரத்திலும் 0-ஆம் பிட்டை வலது ஓரத்திலும் வைத்து, 1, 4, 11, 13 ஆகிய இடங்களில் 0, மற்ற இடங்களில் 1 என்று எழுதுங்கள். `1101 0111 1110 1101` என்று வரும். ஹெக்ஸில் `D7ED`. உச்சிக் கோட்டின் முழு லாஜிக்கும் இந்த நான்கு எழுத்துதான். லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சிப்பில் இதை நேரடியாகவே எழுதலாம்:

```verilog
SB_LUT4 #(.LUT_INIT(16'hD7ED)) lut_a (
  .I0(d[0]), .I1(d[1]), .I2(d[2]), .I3(d[3]),
  .O(seg_a)
);
```

வழக்கமாக யாரும் இப்படிக் கையால் எழுதுவதில்லை. `case` போட்டு எழுதிவிட்டால், `yosys` போன்ற சிந்தசிஸ் மென்பொருள் இந்த எண்களைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஏழு துண்டுக்கும் சேர்த்து எழுதி `synth_ice40` கொடுத்துப் பாருங்கள், கடைசியில் வரும் கணக்கில் `SB_LUT4` ஏழு என்று நிற்கும். துண்டுக்கு ஒன்று.

அட்டவணையை ஒவ்வொரு வரியாக எண்ணாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. `I0`-க்கு `AAAA`, `I1`-க்கு `CCCC`, `I2`-க்கு `F0F0`, `I3`-க்கு `FF00` என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உள்ளீடும் 16 நிலைகளில் எப்படி மாறும் என்பதுதான் இந்த எண்கள். உங்கள் சமன்பாட்டில் பெயர்களுக்குப் பதிலாக இவற்றைப் போட்டுக் கணக்கிட்டால், வரும் விடையே அட்டவணை. நான்கையும் எக்ஸார் செய்தால் `6996`. நான்கையும் அண்ட் செய்தால் `8000`. கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம்.

சரி, இந்த மெமரியிலிருந்து எப்படிப் படிக்கிறது? கம்ப்யூட்டரில் இருக்கும் ராம் மாதிரி வரிசையைத் தேர்ந்தெடுத்து, சிக்னலைப் பெருக்கிப் படிக்கும் ஏற்பாடெல்லாம் இங்கே இல்லை. 16 எஸ்ராம் செல்களும் தங்கள் பிட்டை எப்போதும் வெளியே காட்டிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸ்கள் நான்கு அடுக்காக நிற்கின்றன: முதல் அடுக்கில் 8, அடுத்து 4, அப்புறம் 2, கடைசியில் 1.

டிஸ்ப்ளேவுக்கு 6 வந்தது என்று வைப்போம், அதாவது 0110. முதல் அடுக்கை `I0` நடத்துகிறது. அது 0 என்பதால் இரட்டைப்படை செல்கள் எட்டும் தப்புகின்றன. இரண்டாம் அடுக்கில் `I1` 1 என்பதால் 2, 6, 10, 14 மட்டும் மிஞ்சுகின்றன. `I2`-வும் 1, ஆகவே 6-உம் 14-உம். கடைசியில் `I3` 0, ஆகவே 6-ஆம் செல். `D7ED`-இல் 6-ஆம் பிட் 1, உச்சிக் கோடு எரிகிறது. "கேட் எங்கே" என்று கேட்டால், கண்ணில் காட்டக்கூடியது இந்த மக்ஸ் மரம் மட்டும்தான். அது எந்தச் சார்புக்கும் மாறுவதே இல்லை. மாறுவது செல்களில் இருக்கும் பிட்டுகள்தான்.

செல்கள் எஸ்ராம் என்பதால் கரண்ட் போனால் அட்டவணையும் போய்விடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பக்கத்தில் உள்ள ஃப்ளாஷ் சிப்பிலிருந்து எல்லா அட்டவணைகளும் இழுத்து நிரப்பப்படுகின்றன. 1985-இல் சைலிங்ஸ் வெளியிட்ட எக்ஸ்சி2064 சிப்பிலேயே இந்த முறை இருந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராஸ் ஃப்ரீமனின் யோசனை அது. மொத்தம் 64 லாஜிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு உள்ளீட்டுச் சார்பு ஒன்றை வைக்கலாம், அல்லது மூன்று உள்ளீட்டுச் சார்பு இரண்டை வைக்கலாம். 16 பிட்டை எட்டெட்டாகப் பிரித்தால் மூன்று உள்ளீட்டு அட்டவணை இரண்டு கிடைக்கும், கடைசி மக்ஸை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

இனி கார்னா மேப் விஷயம். கேட்டுகளால் கட்டும்போது கேட் எண்ணிக்கைதான் செலவு, அதனால் சமன்பாட்டைச் சுருக்குகிறோம். லட்டில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. சார்பு எவ்வளவு சிக்கல் என்பது இங்கே செலவே இல்லை. எத்தனை உள்ளீடு என்பது மட்டும்தான் செலவு. இரண்டு கம்பிகளை அண்ட் செய்தாலும் ஒரு லட், நம் உச்சிக் கோட்டுக்கும் ஒரு லட். தாமதமும் அதேதான்.

ஒரு சுவையான விளைவைச் சொல்கிறேன். உங்கள் டிஸ்ப்ளே காமன் ஆனோடு வகையாக இருந்தால், 0 கொடுத்தால்தான் துண்டு எரியும். கேட் சர்க்யூட்டில் இதற்கு ஏழு இன்வெர்ட்டர் வேண்டும். இங்கே `D7ED`-ஐப் புரட்டி `2812` என்று எழுதினால் ஆயிற்று. லட்டில் நாட் கேட் இலவசம்.

ஆனால் கார்னா மேப்புக்குப் பின்னால் இருக்கும் சிந்தனை வீணாகிவிடவில்லை. ஐந்து மாறிகளில் எழுதிய சமன்பாடு ஒன்றைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு மாறி அடிபட்டுப்போகிறது என்றால், இரண்டு லட்டுக்குப் போக வேண்டியது ஒன்றில் முடிந்துவிடும். இந்த வேலையை மென்பொருளே செய்கிறது. டெர்ம்களின் எண்ணிக்கையைக் குறைக்க நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை. உள்ளீடுகளின் எண்ணிக்கை ஏன் கூடியது என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாவது உள்ளீடு வந்தால் என்ன ஆகும்? அந்த ஐந்தாவது மாறி 0 ஆக இருக்கும்போது உங்கள் சார்பு வெறும் நான்கு உள்ளீட்டுச் சார்புதான். அது 1 ஆக இருக்கும்போதும் அப்படியே, வேறொரு நான்கு உள்ளீட்டுச் சார்பு. ஆக இரண்டு லட், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மக்ஸ். எந்த ஐந்து உள்ளீட்டுச் சார்பையும் இப்படி உடைக்கலாம். ஷானன் விரிவாக்கம் என்று பாடத்தில் வருவது இதுதான். ஐஸ்40-இல் அந்த மக்ஸுக்கும் ஒரு லட் வேண்டும், எனவே மூன்று லட். உண்மையில் லட்டுக்குள் இருக்கும் மக்ஸ் மரம் முழுவதுமே ஷானன் விரிவாக்கத்தை நான்கு முறை செய்தது தவிர வேறில்லை.

எப்போதும் மூன்று தேவைப்படாது. எண்ணுக்கு முன்னால் வரும் சுழியங்களை அணைக்க `blank` என்று ஐந்தாவது கம்பி ஒன்றைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். `blank` 1 என்றால் விடை எப்போதும் 0. அப்போது `D7ED` லட் ஒன்று, அதன் வெளியீட்டையும் `blank`-ஐயும் வாங்கும் லட் ஒன்று, இரண்டோடு முடிந்தது. ஆனால் ஏழு துண்டுக்கும் இதைச் செய்தால் ஏழு லட்டுகள் கூடும். அந்த இலக்கத்தின் பொதுக் கம்பியையே அணைத்துவிடுவது மேல். லட்டுகளைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் இப்படித்தான் புத்தி போக வேண்டும் என்பது என் கருத்து.

"அப்படியானால் ஒரே பெரிய அட்டவணையாக வைத்துவிடலாமே" என்று தோன்றும். ஓர் உள்ளீடு கூடினால் அட்டவணை இரட்டிப்பாகிறது. 16 உள்ளீட்டுக்கு 65,536 பிட் வேண்டும். அதே 16 கம்பிகளை அண்ட் செய்வதற்கு 4 உள்ளீட்டு லட் ஐந்து போதும், அதாவது 80 பிட். நாம் நடைமுறையில் எழுதும் சார்புகள் பெரும்பாலும் இப்படி உடைக்கக்கூடியவைதான். பெரிய அட்டவணை வைத்தால் முக்கால்வாசி இடம் வீண். ரொம்பச் சின்னதாக வைத்தாலோ ஒவ்வொன்றுக்கும் பல லட்டுகளைக் கோர்க்க வேண்டும், இடையில் ஓடும் கம்பிகளின் தாமதமும் இடமும் கூடும். லட்டுக்குள் ஆகும் நேரத்தைவிட லட்டுகளுக்கு நடுவே கம்பியில் ஆகும் நேரம் பல டிசைன்களில் அதிகம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இலியாஸ் அகமதும் ஜோனதன் ரோஸும் 2000-இல் இதை அளந்து பார்த்தார்கள். பரப்பையும் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தால் 4 முதல் 6 உள்ளீடு வரைதான் நல்லது என்று வந்தது. ஐஸ்40 இன்றும் 4-இல் நிற்கிறது. சைலிங்ஸ் 2006-இல் வந்த விர்டெக்ஸ்-5 முதல் 6-க்குப் போனது: 64 பிட் அட்டவணை, வேண்டுமானால் ஒரே ஐந்து கம்பிகளைப் பகிரும் இரண்டு சார்புகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இனி கையில் சிப்பை வைத்துக்கொண்டு பார்க்கும்போது குழப்பும் இடங்கள்.

முதலாவது, `yosys` கொடுத்த நெட்லிஸ்ட்டைத் திறந்து `D7ED`-ஐத் தேடினால் அது இல்லாமல் போகலாம். பிழை இல்லை. நான்கு உள்ளீடுகளையும் 24 வரிசைகளில் மாட்டலாம், எந்த வரிசையில் மாட்டினாலும் அதற்கேற்ப அட்டவணையை மாற்றி எழுதிக்கொள்ளலாம். `d[3]`-ஐ `I0`-விலும் `d[0]`-ஐ `I3`-யிலும் என்று முழுக்கத் தலைகீழாக மாட்டினால், `D7ED` `D6FB` ஆகிவிடும். லாஜிக் அதேதான். மென்பொருள் இதைச் செய்வதற்குக் காரணமும் உண்டு. வெளியீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி மக்ஸை நடத்தும் `I3`-தான் வேகமான உள்ளீடு, `I0` நான்கு அடுக்கையும் தாண்டி வர வேண்டும். ஐஸ்40-இன் எச்எக்ஸ் வகையில் `I0` வழியாகச் சுமார் 0.45 நானோ செகண்ட், `I3` வழியாகச் சுமார் 0.32. தாமதமாக வந்து சேரும் சிக்னலை `I3`-க்குக் கொடுத்தால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும். சரிபார்க்க ஓர் எளிய வழி: வரிசை எப்படி மாறினாலும் அட்டவணையில் உள்ள 1-களின் எண்ணிக்கை மாறாது. நம் உதாரணத்தில் அது 12.

இரண்டாவது, கையால் `LUT_INIT` எழுதும்போது அடிக்கடி நடக்கும் தவறு. அட்டவணையை 0-ஆம் பிட்டிலிருந்து இடமிருந்து வலமாக எழுதிவிடுவார்கள். `D7ED` அப்போது `B7EB` ஆகும். 12 ஒன்றுகள் என்ற கணக்கு இதிலும் சரியாகவே வரும், ஆகவே அதை நம்பி இருக்க முடியாது. டிஸ்ப்ளேவைப் பாருங்கள். 1 வர வேண்டிய இடத்தில் 7 தெரியும், 2-க்கும் E-க்கும் உச்சிக் கோடு போய்விடும், ஆனால் 4-உம் b-யும் ஒழுங்காக இருக்கும். அட்டவணை சரியாக இருந்து கம்பிகள் மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால் அறிகுறி வேறு. அப்போதும் 1 ஏழாகத் தெரியும், ஆனால் கூடவே 4-க்கும் உச்சி எரிந்து 9 போல ஆகும், 2-க்கும் 8-க்கும் உச்சி இருக்காது. 4-ஐயும் 8-ஐயும் காட்டச் சொல்லிப் பார்த்தாலே இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. 7-லிருந்து 8-க்குப் போகும்போது 0111 என்பது 1000 ஆகிறது, நான்கு கம்பிகளும் மாறுகின்றன. எல்லாம் ஒரே கணத்தில் வந்து சேராது. `I0`-வும் `I1`-உம் முதலில் இறங்கிவிட்டால், நடுவில் ஒரு கணம் 0100, அதாவது 4. அந்தச் செல்லில் 0 இருக்கிறது. 7-க்கும் 8-க்கும் உச்சி எரிய வேண்டும் என்றாலும், நடுவில் நானோ செகண்டை ஒட்டிய ஒரு பள்ளம் விழுந்து எழும். டிஸ்ப்ளேயில் யாரும் பார்க்க முடியாது. ஆனால் இப்படிப்பட்ட வெளியீட்டை வேறொரு ஃப்ளிப்-ஃப்ளாப்பின் கிளாக்காகவோ ரீசெட்டாகவோ கொடுத்தீர்கள் என்றால், எப்போதாவது ஒருமுறை காரணமே இல்லாமல் எண்ணிக்கை தாவும். தாமதங்களைக் கணக்கில் எடுக்காத சாதாரண சிமுலேஷனில் அது வராது, போர்டில்தான் வரும். ஐஸ்40-இல் ஒவ்வொரு லட்டுக்குப் பக்கத்திலும் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் இருக்கிறது. லட்டின் விடையை அதில் பிடித்து வைத்து, அதிலிருந்து வெளியே கொடுங்கள். ஒரே ஓர் உள்ளீடு மட்டும் மாறி, இரண்டு செல்களிலும் ஒரே பிட் இருந்தால் இந்தப் பள்ளம் வருவதில்லை. மக்ஸ் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாறினாலும் இரண்டு பக்கமும் ஒரே மதிப்புதான். அண்ட்-ஆர் கேட்டுகளால் கட்டியதில் இந்த உத்தரவாதம்கூடக் கிடையாது.

கடைசியாக, லாஜிக் மெமரியில் இருப்பதாலேயே வரும் ஒரு கோளாறு. கதிர்வீச்சுத் துகள் ஒன்று பட்டு 6-ஆம் செல் மட்டும் புரண்டுவிட்டது என்றால், `D7ED` `D7AD` ஆகிவிடும். அதற்கப்புறம் 6 மட்டும் உச்சி இல்லாமல் தெரியும், மற்ற 15-உம் சரியாக இருக்கும். சாதாரண சர்க்யூட்டில் துகள் பட்டால் ஒரு துடிப்பு வந்து போகும். இங்கே சர்க்யூட்டே மாறிப்போய் அப்படியே நிற்கும். ரீசெட் பட்டனை அழுத்தினாலும் போகாது, ஏனென்றால் ரீசெட் ஃப்ளிப்-ஃப்ளாப்புகளைத்தான் தொடும், அட்டவணையைத் தொடாது. கரண்டை நிறுத்தி மறுபடி கொடுத்து, ஃப்ளாஷிலிருந்து அட்டவணை புதிதாக ஏறியதும் சரியாகிவிட்டால், புரண்டது செல். அப்படியும் அதே 6 உச்சியில்லாமல் வந்தால், தவறு ஃப்ளாஷில் இருக்கும் கோப்பிலோ அதற்கும் முன்னால் நீங்கள் எழுதிய நிரலிலோ இருக்கிறது. விண்வெளிக்குப் போகும் எஃப்பிஜிஏக்களில் ஒவ்வொரு முறையும் கரண்டை நிறுத்திக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், சிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டவணைகளைத் திரும்பப் படித்துச் சரிபார்த்து, கெட்டுப்போன பகுதியை மட்டும் மறுபடி எழுதும் ஏற்பாட்டை வைக்கிறார்கள்.